ஆணி தாங்கும் இரண்டரை மடங்கு

கடப்பாரை அளவுக்கு நீளமான ஓர் இரும்புக் கம்பி. ஒரு நுனியில் துளை போட்டு, சுவரில் அடித்த ஆணியில் மாட்டியிருக்கிறது. மறு நுனியைக் கையால் தூக்கி, தரைக்கு இணையாகப் பிடித்து, அப்படியே விட்டுவிடுகிறோம். கம்பி கால் வட்டம் போட்டுக் கீழே வருகிறது. நேர் செங்குத்தாகத் தொங்கும் அந்த ஒரு கணத்தில் அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது? அந்தக் கணத்தில் ஆணி எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது?

பிளஸ் ஒன்னில் இயற்பியல் எடுத்தவர்கள் இந்தக் கணக்கை ஏதாவது ஓர் உருவத்தில் பார்த்திருப்பார்கள். என்னிடம் இதைக் கொண்டு வந்தவள் அக்கா மகள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து நான் கண்ணயரும் நேரம் பார்த்து நோட்டுடன் வந்து நின்றாள்.

"மாமா, ஆணி மேல வர்ற விசை எனக்கு மூணு மடங்கு எடைன்னு வருது. புக்ல ரெண்டரைன்னு போட்டிருக்கு. புக்கு தப்பா?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். தப்பும் தவறுமாகப் போட்ட கணக்கு இல்லை அது. படிக்குப் படி சரியாகப் போயிருந்தாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி கம்பியாக இல்லாமல் கல்லாக மாறிப் போயிருந்தது. அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் பிடிபட்டுவிடும்.

பேச்சு வசதிக்கு அளவுகளை வைத்துக்கொள்வோம். கம்பியின் நீளம் 1.2 மீட்டர், நிறை 6 கிலோ. தலை முதல் கால் வரை ஒரே பருமன். பாடப்புத்தகம் "சீரான தண்டு" என்பது இதைத்தான். ஆகவே நிறை மையம் சரியாக நடுவில், ஆணியிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. கம்பி கிடைமட்டத்திலிருந்து செங்குத்துக்கு வரும்போது அந்த நடுப்புள்ளி 60 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. இறங்கியதால் கிடைக்கும் ஆற்றல் 6 × 9.8 × 0.6, அதாவது சுமார் 35 ஜூல். ஆணி இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. நகராத இடத்தில் செயல்படும் விசை வேலை எதுவும் செய்யாது. எனவே உராய்வை மறந்துவிட்டால் இந்த 35 ஜூலும் கம்பியின் இயக்க ஆற்றலாகத்தான் மாற வேண்டும். இதுவரை அவள் நோட்டிலும் இதேதான்.

அடுத்த வரியில்தான் விஷயம். நடுப்புள்ளி 60 சென்டிமீட்டர் இறங்கிவிட்டதால், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த கல்லின் வேகம் அதற்கு வந்திருக்கும் என்று எழுதியிருந்தாள். அது நொடிக்கு 3.43 மீட்டர். அந்த வேகத்தில் 60 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும் பொருளை வட்டத்திலேயே பிடித்து வைக்க, அதன் எடையைப் போல் இரண்டு மடங்கு விசை வேண்டும். அத்துடன் எடையையும் தாங்க வேண்டும். ஆக மூன்று மடங்கு. கணக்கு சுத்தம்.

கம்பியின் நிறை முழுவதும் நடுப்புள்ளியில் ஒரு குண்டாகத் திரண்டிருந்தால் இந்த விடை சரி. ஆனால் கம்பி அப்படி இல்லையே. ஆணியை ஒட்டிய இரும்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. மறுகோடி இரும்பு பறக்கிறது. இருக்கும் 35 ஜூலை இவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

பங்கு எப்படிப் பிரிகிறது? நுனியின் வேகத்தை 100 என்று வைத்துக்கொண்டு, கம்பியைப் பத்துச் சம துண்டுகளாக மனதில் வெட்டுங்கள். ஆணியை ஒட்டிய முதல் துண்டின் வேகம் 5, அடுத்தது 15, அப்புறம் 25. இப்படியே போய்க் கடைசித் துண்டின் வேகம் 95. சராசரி வேகம் 50. எதிர்பார்த்ததுதான், நடுப்புள்ளியின் வேகமும் அதுவே. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தைப் பார்ப்பதில்லை, வேகத்தின் வர்க்கத்தைப் பார்க்கிறது. அந்தப் பத்து வேகங்களையும் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 33,250 வருகிறது. பத்தால் வகுத்தால் 3,325. நடுப்புள்ளியின் வேகத்தை மட்டும் வர்க்கம் எடுத்தால் 2,500தான். இடையில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! நடுவுக்கு உள்ளே இருப்பவர்கள் மெதுவாகப் போவதால் மிச்சமாகும் ஆற்றலைவிட, வெளியே இருப்பவர்கள் வேகமாகப் போவதால் செலவாகும் ஆற்றல் அதிகம். அதனால்தான் இரண்டும் ஈடு கட்டுவதில்லை.

துண்டுகளை இன்னும் பொடியாக வெட்டிக்கொண்டே போனால் அந்த 3,325 என்பது 3,333 என்ற எண்ணை நெருங்கும். அதாவது நுனி வேகத்தின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. நிலைமத் திருப்புத்திறன் என்று வாய் நிறையச் சொல்லி, தண்டுக்கு அது ML²/3 என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த மூன்று இங்கிருந்துதான் வருகிறது. தொகைநுண்கணிதம் தெரிந்தவர்கள் ஒரே வரியில் செய்வதை நாம் பத்துக் கூட்டலில் செய்தோம், அவ்வளவுதான்.

இனி வேகம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கோணத் திசைவேகத்தை ω என்று எழுதினால்:

Mg × L/2 = ½ × (ML²/3) × ω²

இதைச் சுருக்கினால் ω² = 3g/L. நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. கம்பி இரும்போ மூங்கிலோ ஒன்றுதான். நம் கம்பிக்கு ω நொடிக்கு 4.95 ரேடியன் வருகிறது. நடுப்புள்ளியின் வேகம் நொடிக்கு 2.97 மீட்டர். அக்கா மகள் போட்ட 3.43-ஐவிடக் குறைவு. நுனியின் வேகமோ 5.94 மீட்டர், மணிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல், சைக்கிளை நன்றாக மிதித்துப் போகும் வேகம்.

இங்கே நான் எப்போதும் கொஞ்சம் நின்று பார்ப்பேன். கம்பியின் நடுப்புள்ளி, அதே 60 சென்டிமீட்டர் விழுந்த கல்லைவிட மெதுவாக வருகிறது. கம்பியின் நுனியோ, தான் இறங்கிய 1.2 மீட்டரை ஒரு கல் தனியாக விழுந்திருந்தால் அடைந்திருக்கும் 4.85-ஐவிட வேகமாக வருகிறது. உள்பக்க இரும்பு தன் பங்கில் ஒரு பகுதியை வெளிப்பக்க இரும்புக்குத் தாரை வார்க்கிறது என்றே சொல்லலாம். கம்பி விறைப்பாக இருப்பதால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. 35 ஜூலில் முக்கால் பங்கு நடுப்புள்ளி முன்னே போவதற்கும், கால் பங்கு கம்பி தன்னைத் தானே சுற்றிக்கொள்வதற்கும் போகிறது. அவள் விட்டது அந்தக் கால் பங்கைத்தான்.

இதை அவளிடம் சொன்னபோது உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதது நல்லதுதான். இதே இடத்தில் 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரிய தலைகள் பலரும் தடுமாறியிருக்கிறார்கள். நூலில் கட்டிய குண்டு ஆடும் காலத்தைக் கணக்கிடுவது ஒன்று; கனமான பொருள் ஒன்று முழுதாக ஆடும்போது அது எவ்வளவு நீள நூல் ஊசலுக்குச் சமம் என்று கேட்பது இன்னொன்று. இந்தக் கேள்வியைப் பாரிசில் இருந்த மெர்சென் என்ற பாதிரியார் பலருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். டெக்கார்ட்டும் இதில் இறங்கினார். நெதர்லாந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற இளைஞருக்கும் கேள்வி போயிற்று. அப்போது அவரால் இதற்குள் நுழையக்கூட முடியவில்லை. பிறகு 1656-ல் ஊசல் கடிகாரம் செய்து, அதைத் துல்லியமாக்கும் வேலையில் இறங்கியபோதுதான் பழைய கேள்வி மறுபடி அவரைப் பிடித்தது. விடையை 1673-ல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலில் எழுதினார்.

அவர் பிடித்த வழி அழகானது. ஆற்றல் என்ற சொல்லே இன்றைய பொருளில் புழக்கத்துக்கு வராத காலம் அது. ஹைகன்ஸ் ஒரே ஒரு நம்பிக்கையை முதலாக வைத்தார். தன் எடையால் மட்டும் இயங்கும் பொருள்களின் பொது நிறை மையம், விழுந்த உயரத்தைவிட மேலே ஏறாது. ஏறினால் ஓயாமல் ஓடும் எந்திரம் செய்துவிடலாமே!

அந்த யோசனையை நம் கம்பியில் வைத்துப் பாருங்கள். கம்பி செங்குத்துக்கு வரும் கணத்தில் மாயம்போல் அது மணிகளாகச் சிதறிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணியும் அந்த நொடியில் தனக்கிருந்த வேகத்தோடு தனித்தனியே நேர் மேலே ஏறட்டும். ஆணிக்குப் பக்கத்து மணி ஒரு நூலிழைகூட ஏறாது. நுனி மணி, தான் புறப்பட்ட கிடைமட்டக் கோட்டையும் தாண்டி எகிறும். நம் அளவில், நொடிக்கு 5.94 மீட்டர் வேகத்துக்கு அது 1.8 மீட்டர் ஏறும், இறங்கியதோ 1.2 மீட்டர்தான். ஆனால் எல்லா மணிகளும் ஏறிய உயரங்களின் சராசரி சரியாக 60 சென்டிமீட்டர். நிறை மையம் இறங்கிய அதே அளவு. மணி ஏறும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக நுனி ஏறும் 1.8 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 0.6. பத்துக் கூட்டலில் நாம் பார்த்த அதே மூன்றில் ஒன்று. நிலைமத் திருப்புத்திறன் என்று பின்னாளில் ஆய்லர் பெயர் வைத்த கருத்துக்கு இந்த மணிக் கணக்குத்தான் முன்னோடி.

அக்கா மகளுக்கு இந்த மணிகள்தான் பிடித்தன. "அப்போ நுனியில இருக்கறவன் அடுத்தவன் பங்கையும் எடுத்துக்கிட்டு மேல போறான்" என்றாள். அதேதான்.

சரி, ஆணிக்கு வருவோம். இங்கே ஒரு வினோதம் காத்திருக்கிறது. வேகத்துக்காக நாம் வேகங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்தோம். விசைக்கு அப்படி எடுக்கக் கூடாது. ஆணியிலிருந்து எந்தத் தூரத்தில் இருக்கும் துண்டையும் வட்டப் பாதையில் பிடித்து வைக்கத் தேவையான விசை, அந்தத் தூரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பவனுக்கு இரண்டு மடங்கு. வர்க்கம் எதுவும் இல்லை. ஆகவே இங்கே சாதாரணச் சராசரி போதும், அது நடுப்புள்ளி. கம்பி முழுவதும் நடுவில் திரண்டிருப்பதாக வைத்துக்கொண்டு மையநோக்கு விசையைக் கணக்கிடுவது இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு சரி.

ஒரே கம்பிதான். ஆற்றல் கேட்டால் மூன்றில் ஒன்று என்கிறது, விசை கேட்டால் இரண்டில் ஒன்று என்கிறது. மாணவர்கள் இடறி விழும் இடங்கள் எல்லாம் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால் வருபவை. ஆற்றலுக்கு நடுப்புள்ளியை மட்டும் எடுத்தால் மூன்று மடங்கு வரும். வேகத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, விசைக்கு நடுப்புள்ளியின் ஆரத்துக்குப் பதில் முழு நீளத்தையும் போட்டால் நான்கு மடங்கு வரும். விடைத்தாளில் மூன்றைப் பார்த்தாலும் நான்கைப் பார்த்தாலும், எந்த வரியில் கால் தவறியது என்று மேற்கொண்டு படிக்காமலே சொல்லிவிடலாம்.

சரியான கணக்கு இது. நடுப்புள்ளியின் முடுக்கம் ω² × L/2. அதில் ω²-க்கு 3g/L போட்டால் ஒன்றரை g. ஆணி மேல் நோக்கி இழுக்கும் விசையிலிருந்து கம்பியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது இந்த முடுக்கத்தைத் தர வேண்டும்.

N − Mg = M × (3/2)g

ஆகவே N = (5/2)Mg. இரண்டரை மடங்கு எடை. நம் 6 கிலோ கம்பிக்கு 147 நியூட்டன், கிட்டத்தட்ட 15 கிலோ மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி. பக்கவாட்டில் விசை உண்டா? செங்குத்தாக நிற்கும்போது எடை ஆணி வழியாகவே நேர் கீழே போகிறது. அதற்குத் திருப்பு விசை இல்லை. கம்பி அந்தக் கணத்தில் வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனவே பக்கவாட்டு விசை பூஜ்யம். இழுப்பு முழுவதும் நேர் கீழ்நோக்கித்தான்.

விடையில் நீளம் இல்லை என்பதையும் கவனியுங்கள். நீளமான கம்பி மெதுவாகச் சுழலும், ஆனால் அதன் நடுப்புள்ளி பெரிய வட்டத்தில் போகும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. பல் குத்தும் குச்சியாக இருந்தாலும் பனை மரமாக இருந்தாலும் அதே இரண்டரைதான்.

கேள்வி அடிப்புள்ளியைப் பற்றியது மட்டும்தான். என்றாலும் கையை விட்ட கணத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. நாம் பிடித்திருக்கும்வரை பாரத்தில் பாதி நம் கையில், பாதி ஆணியில். ஆளுக்கு 3 கிலோ. கையை எடுத்துவிட்டால் ஆணியின் பாரம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூடுவதில்லை, குறைகிறது!

காரணம் எளிது. விட்ட கணத்தில் எடை, ஆணியிலிருந்து அரை நீளத்தில் கம்பியைத் திருப்புகிறது. அதனால் வரும் கோண முடுக்கம் 3g/2L. நடுப்புள்ளி அப்போது முக்கால் g முடுக்கத்தில் இறங்கத் தொடங்குகிறது. எடையின் முக்கால் பங்கு அந்த இறக்கத்துக்கே செலவாகிவிட்டால், ஆணி தாங்குவதற்கு மிஞ்சுவது கால் பங்கு. 6 கிலோ கம்பிக்கு ஒன்றரை கிலோ. அதாவது ஆணி 3 கிலோ தாங்கிக்கொண்டிருந்தது, கையை எடுத்ததும் ஒன்றரைக்கு இறங்கியது, பிறகு அரை நொடி சொச்சத்தில் 15-க்கு ஏறியது. ஒன்றரையிலிருந்து பதினைந்துக்கு, சரியாகப் பத்து மடங்கு.

அதே கணத்தில் நுனி எப்படிப் போகிறது? நடுப்புள்ளி முக்கால் g என்றால் நுனி ஒன்றரை g. புவியீர்ப்பைவிட வேகமாக விழுகிறது! நம்பாதவர்கள் செலவில்லாமல் சோதிக்கலாம். ஒரு மீட்டர் ஸ்கேலைக் கிடையாகப் பிடித்து, ஒரு நுனியை மேசை விளிம்பில் வழுக்காமல் ஊன்றிக்கொண்டு, மேலே பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு ரூபாய் நாணயம் அடுக்குங்கள். மறு நுனியைச் சட்டென்று விடுங்கள். மேசைப் பக்கத்து நாணயங்கள் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டே இறங்கும். 70, 80, 90-இல் வைத்தவை ஸ்கேலை விட்டுப் பிரிந்து அந்தரத்தில் நிற்பதுபோல் பின்தங்கும். நாணயம் g-க்கு மேல் விழ முடியாது. ஸ்கேலின் அந்தப் பகுதி விழுகிறது. எல்லைக்கோடு மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில், அதாவது 66.7 சென்டிமீட்டரில். கைபேசியில் ஸ்லோமோஷன் வைத்து எடுத்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அடியில் வெடி வைத்துச் சாய்க்கும் ஆலைப் புகைபோக்கிகள் தரையைத் தொடும் முன் நடுவழியில் முறிவதும் இந்த வம்சத்துச் சமாச்சாரம்தான். மேல் பகுதி தானாக விழும் வேகத்துக்கு மேல் போகும்படி கீழ்ப்பகுதி அதை இழுக்கிறது, செங்கல் அந்த வளைவைத் தாங்குவதில்லை.

இவ்வளவும் தாளில் எழுதிய கணக்கு. ஆணியிலும் இதேதான் நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அன்று மாலை நானும் அவளும் அதைச் செய்தோம். விசையை நேரடியாக அளப்பது லேசில் முடியாது. சமையலறை டிஜிட்டல் தராசு அந்த ஒரு கண உச்சத்தைப் பிடிப்பதற்குள் கம்பி மறுபக்கம் போய்விடும். ஸ்பிரிங் தராசோ தானே ஆடத் தொடங்கிவிடும். ஆனால் முழுக் கணக்கும் நிற்பது அந்த மூன்றில் ஒன்றின் மேல். அதை அளக்க ஆணி, ஸ்கேல், கைபேசிக் கடிகாரம் போதும்.

மர மீட்டர் ஸ்கேலின் நுனித் துளையை ஆணியில் மாட்டி, செங்குத்திலிருந்து கொஞ்சமே விலக்கி, ஒரு சாண் அளவுக்கு மட்டும் ஆட விடுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஓர் ஆட்டம். பத்து ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்? நிறை முழுவதும் நுனியில் இருப்பதாகக் கொண்டால் 20 நொடி ஆக வேண்டும். அக்கா மகள் நினைத்ததுபோல் நடுவில் திரண்டிருந்தால் 14.2 நொடி. மூன்றில் ஒன்று என்ற கணக்கு சரியாக இருந்தால் 16.4. மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். கையால் கடிகாரத்தை அழுத்துவதில் வரும் பிசகு இவற்றைக் குழப்பாது.

அவள் எண்ணினாள், நான் அழுத்தினேன். முதல் தடவை 16.2, இரண்டாம் தடவை 16.5. துளை சரியாக நுனியில் இல்லாமல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே இருந்தால்கூட 16.3தான் வரும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஹைகன்ஸ் கடிகாரத்துக்காகத் தேடியதும் இந்த எண்ணைத்தான். ஒரு மீட்டர் ஸ்கேல், மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள நூல் ஊசலின் தாளத்தில் ஆடுகிறது.

பெரிய வீச்சுக்கு ஆணியின் உராய்வு கொஞ்சம் தின்னும். எவ்வளவு என்று தெரிய ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்கேலைக் கிடைமட்டத்தில் விட்டுவிட்டு மறுபக்கம் அது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பாருங்கள். சுத்தமான கீலாக இருந்தால் ஏறக்குறைய மறுபக்கக் கிடைமட்டத்தைத் தொடும். அதற்குப் பத்துப் பாகை குறைவாக நின்றுவிட்டால் மொத்த ஆற்றலில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதில் ஏறக்குறைய பாதி கீழே வரும்போதே போயிருக்கும். அப்படியானால் ஆணி மேல் வரும் விசை இரண்டரை இல்லை, இரண்டே முக்காலே அரைக்கால் என்றெல்லாம் கூடாது. கொஞ்சம் குறைந்து சுமார் 2.4 மடங்கு. துளை பெரிதாகி ஆணியில் லொடலொடவென்று ஆடினால் மட்டும் எந்தக் கணக்கும் உதவாது. கம்பி ஆணியில் வழுக்கி இடிக்கத் தொடங்கிவிடும், இடியின் விசைக்கு வேறு கணக்கு.

எங்கள் வீட்டுப் பரண் கதவு நினைவுக்கு வந்தது அப்போதுதான். கீழ்நோக்கித் திறக்கும் பிளைவுட் கதவு, நாலு கிலோ இருக்கும். ஒரு விளிம்பில் இரண்டு கீல்கள். போன வருஷம் தாழ்ப்பாளை எடுத்ததும் கை தவறி மடாரென்று தொங்கியது; கீலோடு ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆசாரி வந்து பார்த்து, கரையான் அரித்த சட்டம் என்றார். மாட்டும்போது கதவைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்து, "எடை தாங்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போனவரும் அவர்தான். அவர் சொன்னது பொய்யில்லை. தொங்கும்போது நாலு கிலோவைத்தான் தாங்கியது.

பலகையைக் கீலுக்குச் செங்குத்தாகக் கீற்றுக் கீற்றாக வெட்டினால் ஒவ்வொரு கீற்றும் நம் கம்பிதான். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வேகத்தில் இறங்குகின்றன. ஆகவே அதே மூன்றில் ஒன்று, அதே இரண்டரை. உங்கள் வீட்டிலும் இப்படிக் கீழே திறக்கும் கதவு இருந்தால், ஒரு முறை ஸ்க்ரூக்களைப் பார்த்துவிடுங்கள். நாலு கிலோ கதவுக்குப் பத்துக் கிலோ தாங்கும் பிடிப்பு வேண்டும். அதுவும் கதவு வழியில் எதிலும் இடிக்காமல் இருந்தால்.